பெயரடை வரிசையும் கீறிட்ட இடமும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான ஆங்கிலப் பயிற்சிகளில் ஒரு வகை வினாவுக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. வாக்கியத்தில் கீறிட்ட இடம், பக்கத்தில் கலைத்துப்போட்ட நாலு பெயரடைகள். அவற்றைச் சரியான ஒழுங்கில் எழுதினால் புள்ளி. அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், தோற்றுவாய், செய்பொருள், பயன் என்ற வரிசையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மன்னார் – பூநகரி வீதியில் உள்ள இலுப்பைக்கடவை போன்ற ஊரில் ஆங்கிலம் பெரும்பாலும் வகுப்பறையோடு நின்றுவிடும். வெள்ளைக்காரப் பிள்ளை கேட்டுக் கேட்டுப் பழகும் ஒழுங்கை, காதால் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியின் உண்மையான பலம். ‘வுடன் ஓல்ட் போட்’ என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது உடனே உறுத்தும். அந்தத் தவறைத் தடுக்க ஒரு வரிசை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வரிசை முழுவதையும் ஒரே உறுதியுள்ள சட்டமாகக் கருதிப் புள்ளி போடுவதில்தான் குறை இருக்கிறது.

ஒரு வினாவை எடுத்துப் பார்ப்போம். ‘மை அங்கிள் ஹேஸ் எ ... போட்’ என்ற வாக்கியத்தில் ஓல்ட், வுடன், ஸ்மோல், புளூ ஆகிய நாலையும் நிரப்ப வேண்டும். எதிர்பார்க்கும் விடை ‘ஸ்மோல் ஓல்ட் புளூ வுடன்’. நாலு சொற்களை 24 விதமாக அடுக்கலாம், புள்ளி கிடைப்பது ஒன்றுக்கு மட்டும். ஒரு பிள்ளை ‘ஓல்ட் ஸ்மோல் புளூ வுடன்’ என்று எழுதுகிறாள், இன்னொரு பிள்ளை ‘வுடன் ஸ்மோல் ஓல்ட் புளூ’ என்று எழுதுகிறான். இருவருக்கும் பூச்சியம். நாலு சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணினால் ஆறு சோடி வரும். முதற்பிள்ளை ஐந்து சோடியைச் சரியாக வைத்திருக்கிறாள், மற்றவன் மூன்றை மட்டுமே. அவள் பிழைவிட்ட சோடி ஆங்கிலம் பேசுவோரிடமே தளர்வானது, அவன் பிழைவிட்டதோ மிக இறுக்கமானது. இந்த வேறுபாட்டைப் புள்ளித்திட்டம் பார்க்கவே இல்லை. தவிர, வாக்கியத்தில் ‘எ’ என்று அச்சிட்டிருப்பதால் முதலில் ‘ஓல்ட்’ வர முடியாது. அது வந்தால் ‘அன்’ என்றல்லவா இருக்க வேண்டும்? வரிசையே தெரியாத, ஆனால் கூர்ந்து பார்க்கிற ஒருவர் அந்தத் தடயத்தைக் கொண்டே பிழையான விடைகள் சிலவற்றை விலக்கிவிடலாம். எதைச் சோதிக்க வந்ததோ அதையே வினா முழுமையாகச் சோதிக்கவில்லை.

வரிசையின் நடுப்பகுதி தளர்வானது என்பதற்கு நூல்களே சாட்சி. பரவலாக மனப்பாடம் செய்யப்படும் வாய்பாடு வயதை வடிவத்துக்கு முன்னால் வைக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சில், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் இலக்கண விளக்கங்களோ வடிவத்தை வயதுக்கு முன்னால் வைக்கின்றன. பழைய வட்டமேசை ஒன்றைப் பற்றிய வினாவுக்கு, எந்த நூலைப் படித்தாள் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளை சரியாகவோ பிழையாகவோ ஆகிவிடுகிறாள். முனையிலும் அரிதாக விலக்கு உண்டு: கதையில் வரும் ‘பிக் பேட் வூல்ஃப்’ அபிப்பிராயத்துக்கு முன்னால் அளவை வைத்தும் யாருக்கும் உறுத்துவதில்லை.

வரிசை ஓரிடத்தில் இறுகவும் இன்னோரிடத்தில் தளரவும் காரணம் என்ன? 2017 இல் ஸ்கொன்ட்ராஸ், டேகன், குட்மன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு எளிய விளக்கம் தருகிறது. ஆளுக்கு ஆள் கருத்து மாறக்கூடிய பெயரடை பெயர்ச்சொல்லிலிருந்து தள்ளி நிற்கும், மாறாதது நெருங்கி நிற்கும். வள்ளம் அழகானதா என்று இருவர் வாதாடலாம். சின்னதா என்றும் ஓரளவு வாதாடலாம். நீலமா என்பதில் வாதத்துக்கு இடம் குறைவு, மரத்தால் செய்ததா என்பதில் இடமே இல்லை. இரண்டு பெயரடைகள் இந்த அளவுகோலில் அருகருகே நிற்கும்போது அவற்றின் ஒழுங்கும் தளரும் என்று கொள்ளலாம். இந்த உணர்வு தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல. ‘அழகான சின்னப் பனையோலைப் பெட்டி’ என்று சொல்பவள், ‘பனையோலை அழகான சின்னப் பெட்டி’ என்று சொல்லமாட்டாள்.

பரீட்சைக்கு ஒரே விடை வேண்டும், இல்லாவிட்டால் திருத்துபவருக்குத் திருத்துபவர் புள்ளி மாறும் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதற்குத் தீர்வு வினாவை மாற்றுவது. அழகு–மரம், பெரிய–நீலம் போன்ற உறுதியான சோடிகளை மட்டும் கேட்டால் ஒரே விடை தானாகவே கிடைக்கும். காதுப்பழக்கம் இல்லாதவர்களுக்கு முழுவாய்பாடுதானே துணை என்றும் கேட்கலாம். வழக்கில் ஒரு பெயருக்கு முன்னால் மூன்று பெயரடை வருவதே அரிது. எட்டு வகைகளின் வரிசையை மனப்பாடம் செய்யும் நேரத்தில் இரண்டிரண்டு பெயரடையுள்ள ஐம்பது தொடர்களை வாசித்துவிட முடியும். அபிப்பிராயம் முன்னே, செய்பொருளும் பயனும் பெயரை ஒட்டி என்ற இரு முனைகளைக் கண்டிப்பாகத் திருத்தி, நடுவில் வரும் மாற்றத்துக்குப் புள்ளி குறைக்காமல் விட்டால், கீறிட்ட இடம் ஆங்கிலத்தின் உண்மையான ஒழுங்கையே சோதிக்கும்.