நடு அடுக்கு சொல்லும் பொய்: அடுக்குப் பரப்புக் குறிவரைவை எப்படிப் படிப்பது?



சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சித்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பள்ளி நூலகத்தில் ஆறு மாதங்களில் எத்தனை நூல்கள் இரவல் போயின என்பதைக் காட்டும் ஒரு குறிவரைவு அதில் இருந்தது. மூன்று நிறங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே கதை நூல்கள், நடுவில் இதழ்கள், மேலே பார்வை நூல்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "ஜூன் மாதத்தில் எத்தனை இதழ்கள் இரவல் பெறப்பட்டன?" என்பது கேள்வி. விடைக்குறிப்பில் 185 என்று இருந்தது. ஒரு மாணவி 35 என்று எழுதியிருந்தாள். நானும் யோசிக்காமல் சிவப்பு மையால் தவறு போட்டேன்.

மறுநாள் அவள் தாளோடு வந்து நின்றாள். "டீச்சர், 185லேர்ந்து 150ஐக் கழிக்கணும் இல்லையா?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. விடைக்குறிப்பும் தவறு, நானும் தவறு. அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பாடம் நடத்தும் நமக்கே கண் ஏமாறும் என்றால், தேர்வு அறையில் நேரம் துரத்தும் பிள்ளைகளின் கதி என்ன? அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தாளின் எண்களைச் சற்று எளிதாக்கித் தருகிறேன். ஒரு வரைபடத்தாளை எடுத்து நீங்களும் கூடவே வரைந்து பாருங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை:

கதை நூல்கள்: 40, 50, 60, 100, 140, 150
இதழ்கள்: 50, 50, 45, 45, 40, 35
பார்வை நூல்கள்: 30, 30, 30, 30, 30, 30

எண்களாகப் பார்த்தால் கதை தெளிவு. கதை நூல்கள் நன்றாகக் கூடின. இதழ்கள் மெல்லக் குறைந்தன. பார்வை நூல்களில் மாற்றமே இல்லை.

இப்போது அடுக்கி வரையுங்கள். முதலில் கதை நூல்களின் கோடு. அதற்கு மேல் இதழ்களைக் கூட்டி இரண்டாவது கோடு: 90, 100, 105, 145, 180, 185. அதற்கு மேல் பார்வை நூல்களையும் கூட்டி மூன்றாவது கோடு: 120, 130, 135, 175, 210, 215. கோடுகளுக்கு இடையே வண்ணம் தீட்டினால் அடுக்குப் பரப்புக் குறிவரைவு தயார்.

படத்தை ஒரு மாணவரிடம் காட்டி, "இதழ்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "கூடிக்கிட்டே போகுது" என்ற பதில்தான் வரும். காரணம், இதழ்களின் நிறப்பட்டை ஜனவரியைவிட ஜூனில் தாளின் உயரத்தில் இருக்கிறது. அதன் மேல்கோடு 90இலிருந்து 185க்கு ஏறுகிறது. ஆனால் அந்த ஏற்றம் இதழ்களுடையதே அல்ல, கீழே இருக்கும் கதை நூல்களுடையது. மாடிப்படியில் நிற்பவனை உயரமானவன் என்று சொல்வது போலத்தான் இது. பார்வை நூல்களின் நிலையும் அதேதான். ஒரு நூல்கூடக் கூடாத அந்தப் பட்டை, படத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கிறது.

ஆக, இந்தப் படத்தில் நேரடியாக, நம்பிப் படிக்கக்கூடியவை இரண்டே இரண்டு. ஒன்று, கிடை அச்சின் மேல் சமதரையில் நிற்கும் அடி அடுக்கு. இன்னொன்று, மொத்தத்தைக் காட்டும் உச்சிக்கோடு. அதுவும் சமதரையிலிருந்தே அளக்கப்படுகிறது. இடையில் இருப்பவற்றுக்குத் தமக்கென்று சமதரை இல்லை. அவை நிற்கும் தரையே ஏறி இறங்குகிறது.

"சரி, மேல்கோட்டைப் பார்க்காமல் பட்டையின் தடிப்பை மட்டும் பார்த்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டாவது சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வரைபடத்தாளில் ஒரு மாதத்துக்கு 1 சென்டிமீட்டர், 20 நூல்களுக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சிலும் ஏப்ரலிலும் இதழ்கள் 45. அதாவது செங்குத்தாக 2.25 சென்டிமீட்டர். ஜூனில் 35, அதாவது 1.75 சென்டிமீட்டர். நியாயப்படி ஜூனில்தான் பட்டை மெலிந்து தெரிய வேண்டும். ஆனால் படத்தைப் பாருங்கள், மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் பட்டை ஒடுங்கிப்போன மாதிரி தெரியும்.

ஏன்? நம் கண் செங்குத்துத் தூரத்தை அளப்பதில்லை. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு உள்ள மிகக் குறுகிய தூரத்தைத்தான் அது பிடித்துக்கொள்கிறது. சாலையின் அகலத்தைச் சாலைக்குக் குறுக்கேதான் பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இரண்டு கோடுகளும் செங்குத்தாக ஏறுகின்றன: 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் 2 சென்டிமீட்டர் உயர்வு. அந்தச் சரிவில் குறுக்குத் தூரம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான். ஜூன் பக்கம் கோடுகள் சாய்ந்து படுத்துவிடுவதால் குறுக்குத் தூரம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். ஆகவே 45 ஒல்லியாகவும் 35 தடித்தும் தெரிகிறது. உண்மைக்கு நேர் எதிர்! அடிக்கோல் வைத்து அளந்து பாருங்கள், நம்புவீர்கள்.

இது நம் பயிற்சித்தாளில் மட்டும் நடக்கும் விபத்து அல்ல. கோட்டுக் குறிவரைவையும் பட்டைக் குறிவரைவையும் பரவலாக்கிய வில்லியம் பிளேஃபேர் 1786இல் லண்டனில் வெளியிட்ட புள்ளிவிவர அட்லசில், இங்கிலாந்துக்கும் கிழக்கிந்தியப் பகுதிக்கும் இடையிலான வணிகத்தைக் காட்டும் படம் ஒன்று உண்டு. இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளிதான் வணிக வேறுபாடு. அது அடுக்குக் குறிவரைவு அல்ல. ஆனால் கண்ணுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றுதான், ஏனென்றால் நடு அடுக்கு என்பதே இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட இடைவெளிதானே.

சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1984இல், வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குறிவரைவுகளை மனிதக் கண் எவ்வளவு சரியாகப் படிக்கிறது என்பதைச் சோதித்து எழுதினார்கள். பிளேஃபேரின் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியைத் தனியாகக் கணக்கிட்டுத் தனிக்கோடாக வரைந்தபோது, 1760ஐ ஒட்டி வேறுபாடு சட்டென்று ஏறி இறங்கியது தெரிந்தது. மூலப்படத்தில் கோடுகள் இரண்டும் அங்கே செங்குத்தாக ஏறியதால் அது கண்ணில் படவே இல்லை. அவர்கள் நடத்திய சோதனையில், ஒரே தரையிலிருந்து தொடங்கும் அளவுகளை ஒப்பிடுவது, தரையில்லாமல் மிதக்கும் நீளங்களை ஒப்பிடுவதைவிட 1.4 முதல் 2.5 மடங்கு துல்லியமாக இருந்தது. நடு அடுக்குக்கு மதிப்பெண் குறைவதில் வியப்பு இல்லை.

மாணவர்களே, இப்படிப்பட்ட படம் தேர்வில் வந்தால் இதைச் செய்யுங்கள். கேட்கப்பட்ட மாதத்தில் அடிக்கோலைச் செங்குத்தாக வையுங்கள். அடுக்கின் கீழ்க்கோட்டை வாசியுங்கள், பிறகு மேல்கோட்டை வாசியுங்கள், கழியுங்கள். ஜூனில் 185 கழித்தல் 150, விடை 35. "கூடியதா, குறைந்ததா" என்று கேட்டால் இரண்டு மாதங்களுக்கும் தனித்தனியாகக் கழித்துப் பார்த்த பிறகே எழுதுங்கள். படத்தின் தோற்றத்தை வைத்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். கழித்த கணக்கையும் விடைத்தாளில் காட்டுங்கள். என் மாணவி அன்று அதைக் காட்டியிருந்தால் நானும் சிவப்பு மையைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஆனால் கழித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. அச்சில் 20, 40, 60 என்று மட்டும் குறித்திருந்தால், ஒரு கோட்டை வாசிப்பதில் 5 கூடவோ குறையவோ போகலாம். அடி அடுக்கின் 150இல் அது பெரிய விஷயம் இல்லை. நடு அடுக்குக்கு இரண்டு வாசிப்பு தேவை, ஆகவே பிழை 10 வரை போகலாம். 35இல் 10 என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! ஏப்ரலின் 45ஐயும் மேயின் 40ஐயும் ஒப்பிடச் சொன்னால் நான்கு வாசிப்பு. ஐந்தே ஐந்து வேறுபாடு அந்தப் பிழைக்குள் மூழ்கிவிடும். அப்படிப்பட்ட கேள்வி மாணவரின் திறனைச் சோதிக்கவில்லை, அதிர்ஷ்டத்தைத்தான் சோதிக்கிறது.

ஆசிரியர்களே, இங்கே நம் பொறுப்பு வருகிறது. அடுக்குக் குறிவரைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "மொத்த இரவல் எப்படி மாறியது? அதில் கதை நூல்களின் பங்கு எவ்வளவு?" என்று கேட்பதானால் இந்தப் படம் பொருத்தமானது. மொத்தம் 120இலிருந்து 215க்கு ஏறியதும், அந்த ஏற்றத்துக்கு அடி அடுக்கே காரணம் என்பதும் ஒரே பார்வையில் தெரிகிறது.

இதழ்களைப் பற்றித்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் இதழ்களைக் கீழே கொண்டு வாருங்கள். 50இலிருந்து 35க்கு அது இறங்குவது உடனே தெரியும். அதிகம் ஏறி இறங்காத அடுக்கு கீழே இருந்தால் மேலே உள்ளவையும் அவ்வளவாகக் குலுங்கா. ஆனாலும் யாரையாவது ஒருவரை நடுவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வரிசையை மாற்றினால் பொய் இடம் மாறும், மறைந்துவிடாது. மூன்றையும் பற்றிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் ஒரே தரையிலிருந்து தொடங்கும் மூன்று தனிக்கோடுகளாக வரைந்து கொடுங்கள். மொத்தம் வேண்டுமா, நான்காவது கோடாகச் சேர்த்துவிடுங்கள். அழகு சற்றுக் குறையும்தான். ஆனால் இதழ்களின் கோடு கீழே இறங்குவதை எந்தப் பிள்ளையும் தவறவிடாது.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை விடைக்குறிப்போடு இப்படி ஒரு படம் உங்கள் மேசைக்கு வந்தால், திருத்தத் தொடங்கும் முன் நடு அடுக்கைப் பற்றிய விடைகளை நீங்களே ஒருமுறை கழித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழித்திருந்தால், சரியாகச் செய்த ஒரு பிள்ளை தன் விடையை நியாயப்படுத்த என் மேசை முன்னால் வந்து நின்றிருக்க வேண்டியதில்லை.