ஆங்கில வழியில் படித்ததற்கு ஒரு தாள்

இங்கிலாந்தில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டு மாணவர், தாம் படித்த கல்லூரிக்குப் பெரும்பாலும் இரண்டு வரியில் கடிதம் எழுதுகிறார்: "மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல இருப்பதால், பயிற்றுமொழிச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அலுவலகமும் இரண்டு வரியில் சான்று தருகிறது. அந்த இரண்டு வரிகளின் போதாமை, பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வி வந்த பிறகே தெரிகிறது.

ஆங்கிலத் தேர்வுக்குப் பதிலாக இந்தச் சான்றை ஏற்கும் நடைமுறையால் கிடைக்கும் நன்மை சிறியதல்ல. ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு இந்தியாவில் 17,000 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். பட்டப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதித் தேறியவரிடம் அந்தத் தொகையைக் கேட்காமல், கல்லூரியின் சொல்லை ஏற்றுக்கொள்வது நியாயமான ஏற்பாடு. இங்கிலாந்தின் விசா விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. பட்டப் படிப்பிலும் அதற்கு மேலும் சேரும் மாணவரின் ஆங்கிலத் திறனை, தகுதி பெற்ற பல்கலைக்கழகங்கள் தாமே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எல்லா நாட்டிலும் இது செல்லாது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு, இந்தியாவில் ஆங்கில வழியில் படித்தேன் என்ற சான்று மட்டும் தேர்வுக்கு ஈடாகாது. இங்கிலாந்திலும் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்று சில பல்கலைக்கழகங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே கல்லூரிக்கு எழுதும் முன், சேரவிருக்கும் துறையின் இணையப் பக்கத்தில் நிபந்தனையைப் படித்துக்கொள்வது முதல் வேலை.

அடுத்த சிக்கல் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருடைய பாடங்கள் பகுதிகளாகப் பிரிந்தவை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று இயற்பியலும் துணைப் பாடங்களும். "எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் படித்தார்" என்று முதல்வர் கையெழுத்திட்டால், கூடவே போகும் மதிப்பெண் பட்டியல் முதல் வரியிலேயே அதை மறுக்கும். சரிபார்க்கும் அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்பு. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவர் தெளிவாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதே மாணவர் இப்படி எழுதியிருக்கலாம்: "பகுதி ஒன்று மொழிப்பாடம் நீங்கலாக, மற்ற எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன என்றும், தேர்வுகளை ஆங்கிலத்திலேயே எழுதினேன் என்றும் சான்றில் குறிப்பிட வேண்டுகிறேன்." கற்பித்த மொழியும் தேர்வு எழுதிய மொழியும் தனித்தனியே வருவது முக்கியம். அரசுக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பட்டம் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் நடக்கிறது. பொறியியலில்கூட அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ் வழியைத் தொடங்கியது. பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து, மாணவர் எந்த வழியில் படித்தார் என்று சொல்லிவிட முடியாது.

கடிதத்தில் மீதி இருக்க வேண்டியவை எளியவை: மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே பெயர், பதிவெண், பட்டம், சேர்ந்த ஆண்டும் முடித்த ஆண்டும், சான்று தேவைப்படும் கடைசி நாள். பட்டச் சான்றின் நகலையும் மதிப்பெண் பட்டியலின் நகலையும் இணைத்தால், அலுவலக எழுத்தர் பழைய பதிவேட்டைத் தேடும் நேரம் குறையும். முதல்வர் கையெழுத்துப் போதுமா, பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்கள் அலைவது பெரும்பாலும் இதனால்தான். சான்றில் கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும். சரிபார்க்க விரும்பும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதற்குத்தான் எழுதும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் இந்தச் சான்றுக்குத் தீராத குறை ஒன்று உண்டு. எந்த மொழியில் பாடம் நடந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. மாணவருக்கு அந்த மொழி எவ்வளவு வரும் என்பதைச் சொல்வதில்லை. ஆங்கில வழி வகுப்பில் ஆசிரியர் தமிழில் விளக்குவதும், மாணவர் ஆங்கிலக் குறிப்புகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவதும் நம் கல்லூரிகளை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. தமிழில் விளக்கக் கேட்டதால் இயற்பியல் நன்றாகவே புரிந்திருக்கும். ஆனால் அயல்நாட்டு வகுப்பில் வாய்திறந்து பேசவும், கருத்தரங்கில் மறுத்துரைக்கவும் அந்தப் பழக்கம் உதவாது. சில பல்கலைக்கழகங்கள் சான்றோடு நேர்காணலும் வைப்பதில் நியாயம் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்கள் அரசுப் பணி ஒதுக்கீட்டுக்காகப் பெறும் சான்றுக்கு வரையறுத்த படிவம் இருக்கிறது. எதை நிரப்ப வேண்டும் என்பதில் மாணவருக்கும் கல்லூரிக்கும் குழப்பமில்லை. ஆங்கில வழிச் சான்றோ கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு நல்ல சான்றும், தெரியாதவருக்கு அரைகுறைச் சான்றும் கிடைக்கின்றன. மொழிப்பாடத்தைப் பிரித்துக் காட்டி, கற்பித்த மொழிக்கும் தேர்வு மொழிக்கும் தனி இடம் விட்டு, ஒரு பக்கப் பொதுப் படிவத்தை நம் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணைப்புக் கல்லூரிகளுக்கு அனுப்ப வேண்டும்.