அரை நிமிடத்தில் எதை ஊகிக்கலாம்?

ஒலிப்பதிவு ஓடும் முன் கேள்விகளைப் படித்து விடையை ஊகித்து வையுங்கள் என்பது ஐஇஎல்டிஎஸ் வகுப்புகளில் முதல் நாளே சொல்லப்படும் பாடம். ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து பிரிட்டன் போக விரும்பும் நர்ஸ்களுக்குக் கேட்டல் பகுதியைச் சொல்லித்தருகிறவன் என்ற முறையில், இந்தப் பாடத்தில் பாதியைத்தான் ஏற்கிறேன். அங்குள்ள நர்சிங் கவுன்சில் கேட்டலில் 7 பேண்ட் எதிர்பார்க்கிறது. அதற்கு 40 கேள்விகளில் ஏறக்குறைய 30 சரியாக வேண்டும். பதிவு ஒரே முறைதான் ஓடும்.

முதல் பகுதியில் ஊகம் நன்றாகவே உதவும். படிவத்தில் 'டெபாசிட்' என்பதற்கு எதிரே கோடு இருந்தால் வரப்போவது ஒரு தொகை. காது எண்ணுக்காகக் காத்திருக்கும். ஆனால் பேசுபவர் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே திருத்துவார். எண்ணுக்காகக் காத்திருந்த காது முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டு ஓய்ந்துவிடும்.

மூன்றாம் பகுதியில் இந்தக் கோளாறு பெரிதாகிறது. அங்கே பெரும்பாலும் இரண்டு மாணவர்கள் வாதாடுவார்கள். வகுப்புக்காக நான் எழுதிய ஒரு பயிற்சி: எண்ணூர்க் கழிமுகத்தில் நீர் மாதிரி எடுத்த இருவர், ஆய்வின் குறை என்ன என்பதில் எதில் ஒத்துப்போகிறார்கள்? இடங்கள் போதாது, எடுத்த நேரம் தவறு, சாம்பலை அளக்கவில்லை என்று மூன்று விடைகள். அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் படித்தவுடனேயே மூன்றாவதைக் குறித்துவிடுகிறார்கள். பதிவில் சாம்பல் என்ற சொல் வந்ததும் அது உறுதியாகிவிடுகிறது. பதிவில் பேசும் பையனோ, சாம்பலை அளப்பது நம் வேலையே அல்ல என்கிறான். மூன்று இடங்கள் போதாது என்கிறாள் பெண். "ஐ சீ வாட் யூ மீன், பட்" என்று தொடங்கி, இடங்கள் போதும், வற்றம் நேரத்தில் போனதுதான் தப்பு என்கிறான் அவன். அவள் சற்றுத் தயங்கி, "ஐ சப்போஸ் ஸோ" என்கிறாள். விடை அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. முதல் வாக்கியம் இசைவு போலக் கேட்டாலும் மறுப்பு. இரண்டாவது அரைமனதாக ஒலித்தாலும் சம்மதம்.

ஆகவே மூன்றாம் பகுதிக்குக் கிடைக்கும் அரை நிமிடத்தில் விடையைத் தேடச் சொல்வதில்லை. ஒவ்வொரு விடையையும் இடம், நேரம், சாம்பல் என்று ஒரு சொல்லாகச் சுருக்கி, பக்கத்தில் இருவருக்கும் இரண்டு கட்டம் போடச் சொல்கிறேன். யார் எதை ஏற்றார், யார் தள்ளினார் என்று குறி போட்டால் போதும். இரண்டு கட்டத்திலும் 'சரி' விழும் வரை பேனா விடைத்தாளுக்குப் போகக்கூடாது. 'இருவரும்' என்ற சொல் கேள்வியில் இல்லாமல், ஒருவருடைய கருத்தை மட்டும் கேட்டால், மற்றவருடைய கட்டம் வெறும் பொறிதான்.

தவறிய கேள்வியை எழுத்துப்படியோடு ஒப்பிட்டால் காரணம் தெரியும். குறித்த விடையை ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்திருந்தால் இரண்டாவது குரலைத் தவறவிட்டிருக்கிறோம். அதை இருவருமே ஆதரிக்கவில்லையென்றால், அது பதிவு ஓடுவதற்கு முன்பே நம் மனத்தில் எழுதப்பட்ட விடை.