மறைக்காத விளம்பரம்

"ஷோரூம் கண்டிஷன், சிங்கிள் ஓனர், விலை பேசலாம்." தாம்பரம் பக்கம் பழைய ஸ்கூட்டர் விற்பவர்கள் வழக்கமாக எழுதுவது இதுதான். அதையே திருத்தி எழுதினால் எவ்வளவு தெளிவு!

"2019 மாடல், 38,000 கி.மீ. பின் டயர் மாற்ற வேண்டும். நான் இரண்டாவது உரிமையாளர். கடன் முடிந்து வங்கியின் என்.ஓ.சி. கையில் உள்ளது; ஆர்.சி.யில் கடன் பதிவை இன்னும் நீக்கவில்லை, நானே நீக்கித் தருகிறேன். 2023 டிசம்பர் மழையில் முடிச்சூரில் சீட் வரை தண்ணீர். வயரிங் பழுதுபார்த்த பில் உண்டு. விலை 42,000, பேரம் இல்லை. பெயர் மாற்றும் செலவு வாங்குபவருடையது."

இதில் தண்ணீர் பற்றிய வரிதான் அருமை. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-லேயே வெள்ளத்தில் மிதந்த இடங்கள். நனைந்த கனெக்டரில் பச்சை பூத்து, மாதங்கள் கழித்துத்தான் வண்டி மக்கர் செய்யும்; ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் அது தெரியாது.