மூன்றாவது டேக்கின் அழகு

கேமரா முன் கூச்சம் முதலில் கண்ணில்தான் தெரியும். லென்ஸைப் பார்க்காமல், பக்கத்துத் திரையில் தெரியும் தன் முகத்தையே தேடும். அந்தத் திரையைத் திருப்பி வைப்பதே முதல் வைத்தியம்.

மதுரைச் சுங்குடிச் சேலையைப் பற்றிப் பேச வந்த புதியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பக்கத்தை மனப்பாடம் செய்தால், ஒரு சொல் நழுவியதும் எல்லாம் சரியும். அதையே மூன்று துண்டுகளாக்கி, "முடிச்சுப் போட்டு, சாயத்துல முக்கி, அவிழ்த்தா புள்ளி" என்று பேச்சுமொழியில் எழுதி, துணியைப் பிடித்தபடி சத்தமாக ஒத்திகை பார்க்கட்டும். நடுங்கும் கைக்கும் வேலை கிடைத்துவிடும்!

தடுமாறினால் கேமராவை நிறுத்த வேண்டாம். 2 விநாடி மௌனம். பிறகு அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி. எடிட்டிங்கில் ஒட்டு தெரியாமலிருக்க, முடிச்சிடும் விரல்களின் நெருக்கக் காட்சி போதும்.

ஆனால் டேக்குகள் அளவுக்கு மீறினால் குரல் தட்டையாகும். பெரும்பாலும் மூன்றாவதோ நான்காவதோதான் உயிரோடு இருக்கும்.