60,000 ஆண்டு யாருடையது?

2018 நவம்பரில் வடக்கு சென்டினல் தீவுக்குள் நுழைந்த அமெரிக்க இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டபோது, அந்தச் செய்தியோடு ஒரு வரியும் உலகம் சுற்றியது. சென்டினல் மக்கள் 60,000 ஆண்டுகளாக அங்கே தனித்து வாழ்கிறார்கள், மரபணு ஆய்வு அதை நிரூபித்திருக்கிறது என்பது அந்த வரி. இன்றும் அந்தமானைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அது தவறாமல் இடம்பிடிக்கிறது. ஆட்சேபித்தால் வரும் பதில் ஒன்றுதான்: ஆய்வில் இருந்த எண்ணையே எழுதினோம், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆய்வுக் கட்டுரையை அப்படியே பெயர்த்துவைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். சொந்த வாக்கியத்தில் சுருக்கித்தான் ஆக வேண்டும். எண்ணைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு பல புளுகுகளைத் தடுத்திருக்கிறது என்பதும் உண்மை. சிக்கல், எண்ணைக் காப்பாற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதில் இருக்கிறது.

அந்த வரிக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 2005 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் எழுதியது. தாய்வழியில் மட்டும் இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுமையாகப் படித்தார்கள். அந்தமான் பழங்குடிகளான ஓங்கிகள் ஐந்து பேர், பெரிய அந்தமானியர் ஐந்து பேர், ஒப்பிட்டுப் பார்க்க நிக்கோபாரியர் ஐந்து பேர். அந்தமானியரிடம் எம்31, எம்32 என்ற இரண்டு பழங்கிளைகள் கிடைத்தன. இந்தக் கிளைகள், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் வெளியேறிப் பரவிய காலத்தில் தீவுகளில் நடந்த முதல் குடியேற்றத்திலிருந்து தனித்தே பிழைத்திருக்கக்கூடும் என்று மரபணுக் கிளைகள் பரவியுள்ள விதம் கருத வைக்கிறது என்றுதான் அவர்கள் எழுதினார்கள். அந்த வெளியேற்றத்துக்கு அவர்கள் சொன்ன காலம் ஏறத்தாழ 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன்பு.

இதை மேலே உள்ள வரியோடு வைத்துப் பார்த்தால், எண்ணே முழுசாக வந்து சேரவில்லை என்பது தெரியும். 20,000 ஆண்டு அகலமுள்ள ஒரு வீச்சு, நடுவில் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிட்டது. ஆய்வில் பிழைத்திருப்பவை மரபணுக் கிளைகள், வரியிலோ மக்கள். ‘கருத வைக்கிறது’, ‘கூடும்’ என்ற இரண்டு தயக்கங்களும் ‘நிரூபித்திருக்கிறது’ என்ற ஒரே வினையில் கரைந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பதினைந்து பேரில் சென்டினல்காரர் ஒருவர்கூட இல்லை. அந்தத் தீவின் மக்களிடமிருந்து யாரும் மாதிரி எடுத்ததே இல்லை.

‘வாழ்கிறார்களாம்’ என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த ‘ஆம்’ பிறர் சொல்லக் கேட்டது என்பதைத்தான் காட்டும். சொன்னவரிடமே எவ்வளவு ஐயம் இருந்தது என்பதை அது காட்டாது.

கிளையின் வயதையும் குடியேறிய காலத்தையும் ஒன்றாக்குவது இவற்றில் மிகப் பெரிய வழுக்கல். ராமநாதபுரத்தில் நூறு வருஷத்துக்கு முன்பு அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனிக் குடும்பமானார்கள் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் பேரன் 1975இல் கப்பலேறிப் போர்ட் பிளேரில் கடை வைத்தார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் டி.என்.ஏ.வைப் பார்த்து, பிரிந்து ஏறத்தாழ நூறு வருஷம் ஆகிறது என்று கணக்கிடலாம். போர்ட் பிளேர் கடைக்கு வயது நூறு என்று எழுதலாமா? கிளை பிரிந்தது தீவில்தானா, தீவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு வேறு நிலத்திலா என்பதை அந்த வயது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் ஆய்வாளர்கள் இன்னொரு சான்றையும் சேர்த்தார்கள். இந்தியப் பெருநிலத்தில் ஏறத்தாழ 6,500 பேரின் தகவல்களில் தேடியும் இந்தக் கிளைகள் அகப்படவில்லை. இது மறுசொல்லில் ‘இந்தியாவில் வேறெங்கும் இல்லை’ என்று ஆகிவிடுகிறது. 6,500 பேரில் சுழியம் என்பதற்குப் புள்ளியியலில் எளிய கணக்கு ஒன்று உண்டு: 3ஐ மாதிரி அளவால் வகுக்க வேண்டும். விடை 0.046 சதவீதம். அதாவது உண்மையான விகிதம் அதைவிடக் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். சுழியம் என்று சொல்ல முடியாது. அன்று சுமார் 110 கோடிப் பேர் இருந்த நாட்டில் 0.046 சதவீதம் என்பது சுமார் ஐந்து லட்சம் பேர். அதுவும் மாதிரி நாடு முழுக்கச் சமவாய்ப்பில் எடுக்கப்பட்டிருந்தால்தான். ஒரு மூலையில் உள்ள சிறு சமூகத்தைத் தொடாமல் விட்டிருந்தால் இந்த வரம்பும் நிற்காது.

அப்படியே நடந்தது. 2006 ஜனவரியில் அதே ‘சயின்ஸ்’ இதழில் மறுப்பு வந்தது. பழனிச்சாமி முதலானோர் வடகிழக்கு இந்தியாவின் ராஜ்பன்ஷி மக்களில் இருவரிடம் எம்31 கிளையைக் கண்டார்கள். 2011இல் வந்த இன்னோர் ஆய்வு, அந்தமானியரின் தாய்வழி மூலத்தை வடகிழக்கு இந்தியாவில், பழைய கற்காலத்தின் பிற்பகுதியில் வைத்தது. முதல் கட்டுரையில் தயக்கச் சொற்கள் இருந்ததால், அதன் முடிவு ஆட்டம் கண்டபோதும் அந்த வாக்கியம் பொய்யாகவில்லை. ‘நிரூபித்திருக்கிறது’ என்று எழுதியவர்களுக்கோ திருத்திக்கொள்ள இடமே இல்லை. பலர் திருத்தவும் இல்லை.

இதே கோளாறு 2009இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ரைக், தங்கராஜ், லால்ஜி சிங் குழுவின் ஆய்வுக்கும் நேர்ந்தது. 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரைப் படித்து, பெரும்பாலான இந்தியக் குழுக்களில் ‘வட இந்திய மூதாதையர்’ கூறு 39 முதல் 71 சதவீதம் என்றார்கள். இது ஒவ்வொரு குழுவின் மரபணுத் தொகுதிக்குள் உள்ள பங்கு. ‘39 முதல் 71 சதவீத இந்தியர்கள் வட இந்திய மூதாதையரின் வாரிசுகள்’ என்று எழுதினால் எண் பத்திரமாக இருக்கும்; எதன் சதவீதம் என்பது தலைகீழாகியிருக்கும். ‘தென்னிந்திய மூதாதையர்’ ஓங்கிகளுக்கு உறவுடையவர்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. அதைத் தமிழர்கள் ஓங்கிகளின் வழித்தோன்றல்கள் என்று எழுதுவது, சித்தப்பாவைத் தகப்பன் ஆக்குவது போன்றது.

இதற்கெல்லாம் இடம் போதாது என்பார்கள். இந்த வாக்கியத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்: “ஓங்கிகள், பெரிய அந்தமானியர் பத்துப் பேரின் தாய்வழி டி.என்.ஏ.வை வைத்து, இவர்களின் கிளைகள் மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய காலத்திலிருந்தே தனித்திருக்கக்கூடும் என்று 2005இல் ஓர் ஆய்வு கருதியது; அடுத்த ஆண்டே அதற்கு மறுப்பு எழுந்தது.” சென்டினல் என்ற சொல்லுக்கு அதில் வேலையில்லை.

எதிர்த்திசையிலும் இதே பிழை நடக்கிறது. அந்தமானின் பழைய சிப்பி மேடுகளில் இதுவரை கிடைத்த மிகப் பழைய காலக்கணக்கு சுமார் 2,200 ஆண்டுகள்தான். அதை எடுத்துக்கொண்டு, மனிதர் அங்கே வந்ததே 2,200 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தோண்டிய மேடுகள் சில. பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது பழைய கரையோரம் நீருக்கடியில் போய்விட்டது. அங்கே இன்னும் யாரும் தோண்டவில்லை.