வானத்துக்கு ஒரு கணக்கு, முகத்துக்கு ஒரு கணக்கு

ரொறன்ரோவில் நம்மவர் எடுக்கும் குறும்படங்களில் ஒன்ராறியோ ஏரிக்கரை எப்படியாவது வந்துவிடுகிறது. பிரியப்போகும் இருவர், அவர்களுக்குப் பின்னே விடியும் வானம். அண்மையில் நாம் பார்த்த ஒன்றில் வானம் வெளுத்த சீலையாகவும் முகங்கள் சேற்று நிறமாகவும் இருந்தன. அதைச் ‘சோகத்தின் இருள்’ என்று மெச்சினார்கள். எமக்கோ அது முடிவெடுக்காத கமராவின் இருளாகவே பட்டது.

மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991) நமக்கெல்லாம் பழக்கமான படம். கர்ணன் கதை என்பதால் நாயகனின் பெயரே சூர்யா. ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் சூரியனை மீண்டும் மீண்டும் பாத்திரங்களின் பின்னே கொண்டுவருகிறார். அங்கே மனிதர் இருண்டு நிற்பது தற்செயல் அல்ல. வெளிச்சம் வானத்துக்காக அளக்கப்பட்டிருக்கிறது. நம்மவர் எடுத்துக்கொண்டது காட்சியை மட்டும், அளவை அல்ல.

அந்த அளவு என்ன? தை மாத விடியலில் ஸ்காபரோ செங்குத்துப் பாறைகளின் கீழே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது சூரியன் தென்கிழக்கே, ஏரிக்கு மேலே எழும். சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளி வானத்தை மட்டும் புள்ளிமானியால் அளக்க f/16 வருகிறது என்போம். முகத்தை அளந்தால் f/2.8. இடையே 5 ஸ்ரொப். ஒவ்வொன்றும் இரு மடங்கு என்பதால் வானம் முகத்தைவிட 32 மடங்கு பிரகாசம். தானியங்கிக் கமரா இரண்டுக்கும் நடுவே f/5.6 போன்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். வானம் 3 ஸ்ரொப் மிகுந்து வெளுக்கும்; முகம் 2 ஸ்ரொப் குறைந்து மங்கும். நாம் பார்த்த படத்தில் நடந்தது இதுதான்.

நிழலுரு வேண்டுமானால் f/16 இலேயே வைக்கவேண்டும். வானத்தின் நிறம் நிற்கும், முகம் கருமையாகும். பிறகு பேசவேண்டியது உருவத்தின் விளிம்பு மட்டுமே. ஆகவே இருவருக்கும் இடையே வானம் தெரியவேண்டும். ஒட்டி நின்றால் ஒரு கரும் குவியல்தான் மிஞ்சும். தடித்த குளிரங்கி தோளையும் கழுத்தையும் விழுங்கிவிடும். இன்னொரு இடைஞ்சல் பனி. புதிதாய் விழுந்த பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தாடையும் மூக்கின் அடியும் கீழிருந்து வெளிச்சமாகி நிழலுரு கெட்டுவிடும். சட்டகத்துக்கு வெளியே, அவர்களுக்கு முன்னால், ஒரு கறுப்புத் துணியைப் பனிமேல் விரித்தால் போதும்.

முகம் தெரியவேண்டிய காட்சியானால் கணக்கு வேறு. லென்ஸை f/11 க்குத் திறந்தால் வானம் ஒரு ஸ்ரொப் மட்டும் மிகும். அதன் நிறம் இன்னும் இருக்கும். முகத்தை f/5.6 வரை உயர்த்தவேண்டும், அதாவது நான்கு மடங்கு ஒளி. கமராவின் பக்கமிருந்து ஒரு பெரிய வெண்பலகையைச் சூரியனுக்கு எதிரே பிடித்து முகத்துக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவரலாமோ அவ்வளவு கொண்டுவரலாம். அது போதாவிட்டால் விளக்கு. விடியல் வெளிச்சம் செம்மஞ்சள் என்பதால் விளக்கின்மேலும் அந்த நிறத் தாள் வேண்டும். நம்முடைய கருந்தோல் வெண்தோலைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பும். ஆதலால் வெள்ளையருக்குப் பழகிய அளவை அப்படியே எடுத்தால் கண்கள் குழிவிழுந்துவிடும். மாறாக, முகம் வானத்துக்குச் சமமாக வந்தால் ஸ்ரூடியோத் திரையின் முன் நிற்பவர் போலாகிவிடும். இரண்டு ஸ்ரொப் குறைவாக இருக்கவிடுவதுதான், ஒளி பின்னாலிருந்து வருகிறது என்பதை நம்பவைக்கும்.

இதையெல்லாம் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. ஊரில் உறவுகளை விட்டுவந்தவர்கள் முகம் காட்டாமல் சாட்சி சொல்லும்போது, அவர்களைச் சாளரத்தின் முன் இருத்தி நிழலுருவாகப் பதிகிறோம். படச்சுருளோ இன்றைய கமராவோ, 5 ஸ்ரொப் குறைந்த இருளிலும் விவரம் தேங்கி நிற்கும். பதிவைக் கணினியில் எவரும் வெளிச்சமாக்கலாம். கறுப்பு என்று நாம் நினைத்த இடத்திலிருந்து மூக்கும் கண்ணாடியும் எழுந்துவரும். எனவே அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, கமராவின் பின்சுவரைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரு நிமிடம் மட்டும் பதிந்து, அதன் பிரகாசத்தை முடிந்தமட்டும் ஏற்றிப் பார்க்கவேண்டும். ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடத்தை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். பக்கவாட்டு முகமும் கூடாது. தெரிந்தவருக்கு மூக்கின் கோடே போதும். நேர்முகமாக இருத்தி, தலையில் ஒரு சால்வையைப் போட்டுவிடலாம்.

ஏரிக்கரைக் காட்சியில் பிழைத்தால் ஒரு படம் கெடும். இங்கே பிழைத்தால் என்னவாகும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.